பூட்டு சொல்வதும் டெஸ்டர் சொல்வதும்

தொழிற்சாலைகளில் புதிய பயிலுநர்களை மின் பிரிவுக்கு அனுப்பிவைக்கும் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மின் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இப்போது புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே என் பெரும்பாலான வேலை. ஒவ்வொரு அணி வரும்போதும் அவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: "பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டாகிவிட்டது. அட்டையும் தொங்கவிட்டாகிவிட்டது. இனி அந்த மோட்டாரின் டெர்மினலைத் தொடலாமா?" பெரும்பாலோர் தயங்காமல் "தொடலாம்" என்கிறார்கள். உங்கள் முதல் நாள் வகுப்பை முடித்து, படிவத்தில் கையெழுத்திட்டு, தங்கள் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அந்தப் பதிலைச் சொல்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பூட்டு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: இந்தச் சுவிட்சை எனக்குத் தெரியாமல் வேறொருவர் மேலே ஏற்ற முடியுமா? முடியாது என்கிறது பூட்டு. அது மிக முக்கியமான பதில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் தொடப்போகும் கம்பியில் இந்த நொடி மின்சாரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைப் பற்றிப் பூட்டுக்கு எதுவும் தெரியாது. ஐரோப்பாவில் மின் வேலைகளுக்கான தரமான ஈஎன் 50110 இந்த இரண்டையும் தனித்தனிப் படிகளாகவே வைத்திருக்கிறது. முழுமையாகத் துண்டிப்பது முதல் படி, மறுபடி இணைக்க முடியாதபடி செய்வது இரண்டாவது படி, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்வது மூன்றாவது படி. பூட்டு இரண்டாவது படியோடு முடிந்துவிடுகிறது. நம் வகுப்புகளும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

நான் பயிலுநராகச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குளிர்நீர்ப் பம்பை ஓட்டும் 37 கிலோவாட் மோட்டார் அது, 415 வோல்ட். பேரிங் சத்தம் போட்டதால் மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டும். பேனலில் அந்த மோட்டாரின் பிரேக்கரை இறக்கினார்கள். மூத்தவர் ஒருவரின் பூட்டும் என் பூட்டும் ஏறின. ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள், மோட்டார் அசையவில்லை. அனுமதிச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. எல்லாம் முறைப்படி நடந்ததாகவே எனக்குத் தோன்றியது. டெர்மினல் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். நடுவே மூன்று தடித்த கேபிள்கள் இருந்தன. ஓரத்தில் ஒரு சிறிய கனெக்டரில் இரண்டு மெல்லிய ஒயர்கள் இருந்தன. அந்த இரண்டும் வழியை மறைத்ததால் முதலில் அவற்றை அவிழ்க்கலாம் என்று திருப்புளியை நீட்டினேன். மூத்தவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "தம்பி, கையை எடு. அது ஹீட்டர்" என்றார்.

டெஸ்டரை வைத்துக் காட்டினார். மூன்று பெரிய டெர்மினல்களிலும் எதுவும் இல்லை. அந்த இரண்டு மெல்லிய ஒயர்களுக்கு நடுவே 240 வோல்ட் இருந்தது.

அந்த ஒயர்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் எளிமையானது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சூடாக இருக்கும். நின்று குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் சுருள்களில் படியும். படிந்தால் இன்சுலேஷன் பலவீனப்படும். இதைத் தடுக்கப் பெரிய மோட்டார்களின் உள்ளே ஸ்பேஸ் ஹீட்டர் என்ற சிறிய சூடேற்றியை வைப்பார்கள். மோட்டார் ஓடும்போது அது தேவையில்லை, நிற்கும்போதுதான் தேவை. எனவே கான்டாக்டர் விடுபட்டதும் மூடிக்கொள்ளும் ஒரு துணைத் தொடுமுனை வழியாக அதற்குச் சப்ளை போகும். அந்தச் சப்ளை மோட்டாரின் பிரேக்கரிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் லைட்டிங் பேனலிலிருந்தோ வேறொரு துணைப் பேனலிலிருந்தோ வரும். மோட்டாரை நிறுத்தினால் உயிர் பெறும் ஒயர்கள் அவை. நாங்கள் மோட்டாரைப் பாதுகாப்பாக நிறுத்திப் பூட்டிய செயலே அந்த இரண்டு ஒயர்களுக்கும் மின்சாரம் கொடுத்தது. என் பூட்டு சரியான பிரேக்கரில்தான் தொங்கியது. அனுமதிச் சீட்டில் எழுதியிருந்த எண்ணும் சரியான எண்தான். யாரும் தவறான சுவிட்சைப் பூட்டவில்லை. இருந்தும் என் திருப்புளிக்கு முன்னால் 240 வோல்ட் இருந்தது.

இப்படி வேறு இடத்திலிருந்து வரும் சப்ளை ஹீட்டரில் மட்டும் இருப்பதில்லை. ஒரு பேனலின் கட்டுப்பாட்டுச் சுற்று இன்னொரு பேனலிலிருந்து வரலாம். பக்கத்து இயந்திரத்தின் இன்டர்லாக் ஒயர் இந்தப் பெட்டியின் வழியாகப் போகலாம். யுபிஎஸ் மெயின் போன பிறகும் சப்ளை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பெட்டிக்குள் எத்தனை இடங்களிலிருந்து சப்ளை வருகிறது என்பதைச் சுவிட்சைப் பார்த்துச் சொல்லவே முடியாது. மின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும், பிறகு பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கடத்தியையும் அளக்க வேண்டும். வரைபடம் பழையதாக இருக்கலாம் என்பதால்தான் இரண்டாவது வேலையும் தேவைப்படுகிறது.

அளப்பது என்றால் என்ன என்பதையும் நாம் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே மூன்று முறை டெஸ்டரை வைத்து, மூன்றிலும் ஒன்றும் காட்டவில்லை என்றதும் "சப்ளை இல்லை" என்று அறிவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது எங்கே ஏமாற்றும் என்பதைப் பயிலுநர்களுக்குப் பலகையில் வரைந்தே காட்டுகிறேன். இங்கே கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன், ஏனெனில் அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம் இது.

மோட்டாரின் பக்கத்தில் ஓர் ஐசொலேட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே பேனலில் சப்ளை அப்படியே இருக்கிறது. நாம் இந்த ஐசொலேட்டரின் கைப்பிடியை இறக்கிப் பூட்டுகிறோம். உள்ளே ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களுக்கும் மூன்று தொடுமுனைகள் உண்டு. அவற்றில் ஆர் ஃபேஸின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டு, அதை நகர்த்தும் பாகமும் உடைந்துவிட்டது. கைப்பிடி இறங்கிவிட்டது, ஒய்யும் பியும் திறந்துவிட்டன, ஆர் மட்டும் மூடியே இருக்கிறது. இப்போது மோட்டாருக்கு வரும் மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழி இல்லை. ஆகவே மோட்டார் நின்றுவிடும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாலும் அசையாது, உறுமலும் கேட்காது. ஆனால் ஆர் ஃபேஸின் மின்னழுத்தம் மோட்டாரின் சுருள்கள் வழியாக மற்ற இரண்டு டெர்மினல்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மூன்றும் ஒரே அழுத்தத்தில் நிற்கும். ஆருக்கும் ஒய்க்கும் நடுவே அளந்தால் பூஜ்யம்; ஒய்க்கும் பிக்கும் நடுவே பூஜ்யம்; பிக்கும் ஆருக்கும் நடுவே பூஜ்யம். மூன்று டெர்மினல்களில் எதைத் தொட்டாலும் எர்த்துக்கு 240 வோல்ட்.

எர்த்தை ஒரு முனையாக வைத்து அளந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். அதனால் நியூட்ரல் இல்லாத மோட்டார் டெர்மினலில் ஆறு அளவீடுகள் தேவை: ஃபேஸ்களுக்கு இடையே மூன்று, ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று. நியூட்ரல் இருந்தால் அதற்கும் மூன்று ஃபேஸ்களுக்கும் இடையே மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று என்று மொத்தம் பத்து. என் கதையில் வந்த ஹீட்டர் ஒயர்களுக்குத் தனியாக மூன்று: இரண்டுக்கும் நடுவே ஒன்று, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் ஒன்று. நிதானமாகச் செய்தாலும் இவை சில நிமிடங்களில் முடியும்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தவறான பிரேக்கரைப் பூட்டிவிட்டோமா என்பதை அது சில சமயம் காட்டிக்கொடுக்கும். ஆனால் மோட்டார் ஓடாமல் இருக்க ஆயிரம் காரணம் உண்டு. தொட்டியில் நீர் குறைவாக இருந்தாலும், ஓவர்லோட் ரிலே விழுந்திருந்தாலும், கட்டுப்பாட்டு அறையில் யாரோ தேர்வுச் சுவிட்சை மாற்றி வைத்திருந்தாலும் அது ஓடாது. மோட்டார் ஓடவில்லை என்பதைச் சப்ளை இல்லை என்பதற்கான சான்றாக ஒரு பயிலுநர் எடுத்துக்கொண்டால், அந்தப் பிழையை அவர் நம்மிடமிருந்துதான் கற்றிருப்பார்.

அடுத்தது டெஸ்டர். அது ஒன்றும் காட்டவில்லை என்றால் இரண்டு அர்த்தம் உண்டு: கம்பியில் மின்சாரம் இல்லை, அல்லது டெஸ்டர் வேலை செய்யவில்லை. முனை ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், மல்டிமீட்டரின் திருகு டிசி அளவில் நின்றிருக்கலாம். இந்த எல்லா நிலையிலும் திரை அமைதியாகவே இருக்கும், அந்த அமைதி நல்ல செய்தியைப் போலவே தோன்றும். இதற்காகத்தான் மூன்று கட்டமாக அளக்கிறோம். முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் டெஸ்டர் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் அளக்க வேண்டும். அதே டெஸ்டரை மறுபடி முதல் இடத்துக்குக் கொண்டுபோய், இப்போதும் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது கட்டத்தை விட்டுவிடுபவர்களே அதிகம். நடுவே டெஸ்டர் கீழே விழுந்து ஒயர் அறுந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடியது அந்தக் கட்டம் மட்டும்தான்.

நியான் விளக்கு வைத்த திருப்புளி டெஸ்டரை இந்த வேலைக்குத் தயவுசெய்து பயிலுநர் கையில் கொடுக்காதீர்கள். அந்த விளக்கு எரிவதற்கான மின்னோட்டம் பிடித்திருப்பவரின் உடல் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். ரப்பர் விரிப்பின் மீதோ காய்ந்த மர ஏணியின் மீதோ நின்றால் விளக்கு மங்கிவிடும், சில சமயம் எரியவே எரியாது. வெயிலில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நல்ல பாதுகாப்பு விரிப்பை விரித்துவிட்டு அதன் மீது நின்று இந்த டெஸ்டரை நம்பினால், அந்த விரிப்பே ஆபத்தை மறைத்துவிடும். தொடாமலே ஒலி எழுப்பும் பேனா வகை டெஸ்டரும் இந்த வேலைக்குப் போதாது. உலோகக் கவசமுள்ள கேபிளின் உள்ளே இருப்பதும் டிசியும் அதற்குத் தெரியாது. இரண்டு முனைகள் கொண்ட வோல்டேஜ் டெஸ்டரைக் கொடுங்கள். அது அந்தப் பேனலின் மின்னழுத்தத்துக்கும் அளவை வகைக்கும் ஏற்றதா என்பதை அதன் உடலில் அச்சிட்டிருப்பதை வாசித்து அறியக் கற்றுக்கொடுங்கள்.

துண்டித்த கேபிளில் மல்டிமீட்டரை வைத்தால் சில நேரம் 30, 40 வோல்ட் காட்டும். உயிருள்ள இன்னொரு கேபிள் அதன் பக்கத்திலேயே நெடுந்தூரம் ஓடினால் இப்படி நேரும். அந்த அளவு ஒரு சிறு சுமை கொடுத்தாலே மறைந்துவிடும் என்பதால், குறைந்த மின்தடை கொண்ட டெஸ்டரில் அது தெரியாமல் போகும். இது உண்மைதான். ஆனால் மூத்தவர்கள் இதைப் பயிலுநரிடம் எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் என் கவலை. "அது பொய் வோல்டேஜ், விடு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பூஜ்யம் அல்லாத எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அதே வார்த்தையைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒருநாள் அந்த எண் உண்மையாக இருக்கும். பூஜ்யம் வரவில்லை என்றால் பயிலுநர் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிப்பது தகுதி பெற்றவரின் வேலை.

வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் உள்ள இடங்களுக்கு இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 415 வோல்ட் டிரைவின் உள்ளே மின்தேக்கிகளில் ஏறத்தாழ 587 வோல்ட் டிசி நிற்கும். பிரேக்கரை இறக்கிய பின்னும் அது உடனே வடிந்துவிடாது. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது டிரைவின் மூடியிலேயே எழுதியிருக்கும். சிறியவற்றில் 5 நிமிடம், பெரியவற்றில் 15 நிமிடம் என்பது போல. மின்சாரத்தை வடிக்கும் பாகம் பழுதாகியிருந்தால் அந்த நேரம் போதாது. ஆகவே காத்திருந்த பிறகும் டிரைவின் டிசி டெர்மினல்களில் டிசி அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். திரை அணைந்துவிட்டது என்பதை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, முதல் மாதத்திலேயே பயிலுநரை டெஸ்டருடன் பேனலுக்குள் அனுப்புங்கள் என்று நான் கேட்பதாக நினைத்துவிடாதீர்கள். அதற்கு நேர்மாறாகவே கேட்கிறேன். மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதியாகும் வரை அந்த இடத்தை மின்சாரம் உள்ள இடமாகவே கருத வேண்டும். அளப்பவர் அந்த நேரத்தில் உயிருள்ள பேனலில் வேலை செய்பவராகவே கருதப்பட வேண்டும். டெஸ்டரைச் சோதித்துக்கொள்ள உயிருள்ள பஸ்பாரைத் தேடிப் போவதும் ஆபத்துதான். முனை நழுவி இரண்டு ஃபேஸ்களை இணைத்துவிட்டால் மின்பொறி வெடிப்பு நேரும். அதைத் தகுதி பெற்றவர், உரிய முகக்கவசமும் கையுறையும் உடையும் அணிந்து செய்ய வேண்டும். டெஸ்டரைச் சரிபார்ப்பதற்கென்றே கையில் பிடிக்கும் சிறிய கருவிகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால் பஸ்பாரைத் தேட வேண்டியதே இல்லை. பயிலுநர் செய்ய வேண்டியது, பாதுகாப்பு எல்லைக்கு வெளியே நின்று ஒவ்வொரு அளவீட்டையும் தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் எழுதுவது.

அவருடைய பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழுவாக வேலை செய்யும்போது "நீ புதியவன், என் பூட்டு இருக்கிறதே போதும்" என்று சொல்லும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூத்தவரின் பூட்டு மூத்தவரின் கையைத்தான் காக்கும். அவர் வேலையை முடித்துத் தன் பூட்டை எடுக்கும்போது பயிலுநர் இன்னும் இயந்திரத்தின் பின்புறம் இருக்கலாம். எத்தனை கைகள் உள்ளே போகின்றனவோ அத்தனை பூட்டுகள் வெளியே தொங்க வேண்டும், ஒவ்வொன்றின் சாவியும் அதன் உரிமையாளரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

என் பயிற்சிக் கூடத்தில் ஒரு மரப்பலகை வைத்திருக்கிறேன். அதில் ஒரு சிறிய மோட்டார், ஓர் ஐசொலேட்டர், ஒரு டெர்மினல் பெட்டி இருக்கின்றன. 415 வோல்ட்டுக்குப் பதிலாகத் தீங்கு செய்யாத 12 வோல்ட் ஓடுகிறது. அதில் மூன்று பொறிகளை மறைத்துவைத்திருக்கிறேன்: ஒரு தொடுமுனை திறக்காத ஐசொலேட்டர், வேறு பெட்டியிலிருந்து சப்ளை பெறும் ஹீட்டர் ஒயர், முனை அறுந்த ஒரு டெஸ்டர். வருபவரிடம் பூட்டையும் டெஸ்டரையும் கொடுத்து, "சப்ளை இல்லை என்று எனக்கு நிரூபியுங்கள்" என்கிறேன். மூன்றையும் யாருடைய உதவியும் இல்லாமல் கண்டுபிடிக்கும் வரை அவர் பேனல் அறைக்குள் போவதில்லை. இதைச் செய்ய ஒரு தச்சரும் கொஞ்சம் பழைய சாமான்களும் போதும். உங்கள் தொழிற்சாலையிலும் ஒன்று செய்து வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள் உங்கள் பணி அனுமதிச் சீட்டைப் பற்றியது. அதில் "சப்ளை இல்லை என்று சோதிக்கப்பட்டது" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட அரை நொடி போதும், அளக்காமலேயும் போடலாம். அந்த ஒரு கட்டத்தை நீக்கிவிட்டு ஆறு கட்டங்களை அச்சிடுங்கள். ஒவ்வொன்றிலும் டெஸ்டர் காட்டிய எண்ணையே எழுதச் சொல்லுங்கள், பூஜ்யமாக இருந்தாலும் எழுதட்டும். அதன் கீழே டெஸ்டரை முன்னும் பின்னும் சரிபார்த்த இரண்டு நேரங்களும், "இந்தப் பெட்டிக்குள் வரும் வேறு சப்ளைகள்" என்று ஒரு முழு வரியும் இருக்கட்டும். அந்த வரியைக் காலியாக விட்டால் சீட்டுச் செல்லாது என்று வையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் வரைபடத்தைப் பார்த்தவர் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திடட்டும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பயிலுநர் தன் மேற்பார்வையாளரிடம் "ஐயா, ஆறாவது அளவீட்டை நான் பார்க்கவில்லை, மறுபடி காட்டுங்கள்" என்று கேட்டால், வேலை தாமதமானாலும் காட்ட வேண்டும் என்பதை மேற்பார்வையாளர்களுக்கு எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மின் பராமரிப்புப் பயிற்றுநர் ஒருவர்